30 பேர் வகுப்பில் 34 பேர்: நொறுக்குத்தீனிக் கணக்கெடுப்பில் இருந்து வென்படம் வரை

பலகையில் இரண்டு வரிகள்தான் எழுதியிருந்தேன். பிஸ்கட் பிடித்தவர்கள் 18. பழம் பிடித்தவர்கள் 16. கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவன் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு எழுந்தான். "டீச்சர், நாம் 30 பேர்தானே இருக்கிறோம்? 34 வருகிறதே, அந்த 4 பேர் யார்?"

வென்படப் பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. அந்த ஆண்டு எனக்குத்தான் அதைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரியவில்லை. "இரண்டும் பிடித்தவர்களை இரண்டு தடவை எண்ணிவிட்டோம்" என்று சொன்னேன். உடனே முதல் வரிசையில் இருந்து பதில் வந்தது: "அப்படியானால் இரண்டும் பிடித்தவர்கள் 4 பேர்!" வகுப்பே தலையாட்டியது. நானும் ஏறக்குறைய தலையாட்டிவிட்டேன். 34-இல் 30 போக 4 என்பது அவ்வளவு நியாயமாகத் தோன்றியது.

அது தவறு. எதுவுமே பிடிக்காதவர் ஒருவர்கூட வகுப்பில் இல்லை என்றால்தான் பொதுவானவர்கள் 4 பேர் என்று ஆகும். 18, 16, 30 என்ற மூன்று எண்களை மட்டும் வைத்துக்கொண்டால், இரண்டும் பிடித்தவர்கள் குறைந்தது 4 பேர், அதிகபட்சம் 16 பேர் என்றுதான் சொல்ல முடியும். பழம் பிடித்த 16 பேருக்கும் பிஸ்கட் பிடிக்கும் என்றால் பொதுவானவர்கள் 16. அப்போது 12 பேர் எதிலும் சேராமல் வெளியே இருப்பார்கள். 4-க்கும் 16-க்கும் இடையில் எந்த எண்ணும் பொருந்தும். நான் கை தூக்கச் சொல்லி எண்ணியிருந்தேன். இரண்டாவது கேள்விக்குக் கை தூக்கியவர்களில் முதல் கேள்விக்கும் கை தூக்கியவர் யார் யார் என்ற தகவல் காற்றோடு போய்விட்டது.

இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு பிழையில் இருந்து வளர்ந்ததுதான். வட்டங்களின் பொதுப் பகுதி மொத்தத்தில் இருந்து கிடைக்காது. ஒவ்வொரு குழந்தையின் பதிலிலும் இருக்கிறது. அந்தப் பதிலைச் சிதறவிடாமல் படம் வரை கொண்டு போவதுதான் பாடம். 9 முதல் 12 வயது வரையான வகுப்புக்கு இரண்டு பாடவேளைகள் போதும். மூன்றாவது வட்டத்தைச் சேர்க்க வேண்டுமென்றால் இன்னொரு வேளை எடுத்துக்கொள்ளுங்கள். அவசரப்படுத்தினால் அந்தப் பகுதி வீணாகிவிடும்.

கேள்வியை அமைப்பது

"உனக்கு மிகவும் பிடித்த நொறுக்குத்தீனி எது?" என்று கேட்கக் கூடாது. இந்தக் கேள்விக்கு ஒவ்வொருவரும் ஒரே பதில்தான் சொல்ல முடியும். பிஸ்கட் என்றவர் பழம் என்று சொல்லியிருக்க மாட்டார். வட்டங்கள் வரைந்தால் அவை ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே நிற்கும். பாடநூல் மொழியில் வெட்டாக் கணங்கள். அந்தத் தரவுக்குப் பட்டை வரைபடமே பொருத்தம். "பிடித்தது" என்ற சொல்லைக் கேட்டதும் ஆசிரியர்கள் பலர் இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறார்கள். பிறகு நடுப்பகுதியில் எழுத ஒன்றும் இல்லாமல் விழிக்கிறார்கள்.

கேட்க வேண்டியது இது: "பிஸ்கட் உனக்குப் பிடிக்குமா? பழம் பிடிக்குமா? பாப்கார்ன் பிடிக்குமா?" மூன்றும் தனித்தனிக் கேள்விகள். ஒன்றுக்குச் சொல்லும் பதில் இன்னொன்றைத் தடுக்கக் கூடாது. பொருள்களும் ஒன்றுக்குள் ஒன்று அடங்காதவையாக இருக்க வேண்டும். பழம், வாழைப்பழம் என்று இரண்டு கேள்விகள் வைத்தால் ஒரு வட்டம் இன்னொன்றின் வயிற்றுக்குள் போய்விடும். அது உட்கணம் பற்றிய பாடத்துக்கு நல்லது. முதல் நாளுக்கு வேண்டாம்.

"சில நேரம் பிடிக்கும் டீச்சர்" என்று ஒரு குழந்தை கண்டிப்பாகச் சொல்லும். அதை அலட்சியமாகத் தள்ளாதீர்கள். ஓர் உறுப்பு கணத்துக்குள் இருக்க வேண்டும், அல்லது வெளியே இருக்க வேண்டும். வட்டக் கோட்டின் மேல் நிற்க இடம் கிடையாது. ஆகவே எல்லோருக்கும் பொதுவாக ஒரு விதி சொல்லிவிடுங்கள். நான் சொல்வது: "இப்போது தட்டில் வைத்து நீட்டினால் எடுத்துக்கொள்வாயா? எடுத்தால் ஆம். எடுக்காவிட்டால் இல்லை." தெளிவாக வரையறுக்கப்பட்ட தொகுப்பே கணம் என்று பாடநூல் சொல்வதன் பொருள் இந்த இடத்தில்தான் குழந்தைக்குப் பிடிபடுகிறது.

சீட்டு

ஒருவருக்கு ஒரு சீட்டு. மேலே பெயர். கீழே வரிசையாக மூன்று கட்டங்கள். பிஸ்கட், பழம், பாப்கார்ன். பிடித்தால் ✓, பிடிக்காவிட்டால் ✗. எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது.

✗ போடச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முன்பு ஒரு முறை ✓ மட்டும் போடச் சொன்னேன். சேகரித்தபோது மூன்று சீட்டுகள் வெறுமையாக இருந்தன. எழுத மறந்துவிட்டார்கள் என்று நினைத்து அவற்றைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டேன். அவை மறந்த சீட்டுகள் அல்ல. "எதுவும் பிடிக்காது" என்ற பதில்கள். கடைசியில் கூட்டல் 30-க்கு வராமல் 27-இல் நின்றபோதுதான் புரிந்தது. மூன்று ✗ உள்ள சீட்டு ஒரு முழுமையான பதில் என்று குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அப்படிப்பட்ட குழந்தை பக்கத்துச் சீட்டைப் பார்த்துக் கூச்சத்தில் எதையாவது டிக் செய்துவிடும்.

சீட்டுகளைச் சேகரித்ததும் எண்ணுங்கள். வகுப்பில் இன்று வந்திருப்பவர்கள் எத்தனை பேரோ அத்தனை சீட்டுகள் இருக்க வேண்டும். அந்த எண்ணைப் பலகையின் மேல் மூலையில் எழுதி வையுங்கள், பாடம் முடியும் வரை அழிக்காதீர்கள். நம் கணக்கில் 30.

தரையில் இரண்டு வட்டங்கள்

முதல் நாள் பிஸ்கட், பழம் இரண்டு மட்டும். மூன்றாவது கட்டத்தைக் கையால் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள்.

3 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்கு ஏறத்தாழ 9.5 மீட்டர் கயிறு வேண்டும். இரண்டு நிறங்களில் எடுத்துக்கொண்டால் நல்லது. கயிறு இல்லாவிட்டால் சுண்ணக்கட்டி போதும், ஆனால் கயிற்றை நகர்த்தலாம், சுண்ணக்கோட்டை நகர்த்த முடியாது என்பதை நினைவில் வையுங்கள். அந்த நகர்த்தல்தான் இந்த நாளின் முக்கியமான நிமிடம்.

இரண்டு வட்டங்களையும் வேண்டுமென்றே தள்ளித் தள்ளி வையுங்கள். அவற்றைச் சுற்றிப் பெரிய செவ்வகம் ஒன்றை வரையுங்கள். "செவ்வகம்தான் நம் வகுப்பு. யாரும் இதற்கு வெளியே போகக் கூடாது. பிஸ்கட் பிடித்தவர்கள் நீல வட்டத்துக்குள், பழம் பிடித்தவர்கள் சிவப்பு வட்டத்துக்குள் போங்கள்." இவ்வளவுதான் சொல்ல வேண்டும். பிறகு வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். ஆசிரியருக்கு இதுதான் கடினம்.

முதலில் கலகலப்பாக ஓடுவார்கள். பிறகு சிலர் தயங்குவார்கள். ஒரு குழந்தை நீல வட்டத்தில் ஒரு காலும் சிவப்பில் ஒரு காலும் வைக்கப் பார்க்கும். இன்னொன்று இரண்டுக்கும் நடுவில் வெறும் தரையில் நின்றுகொண்டு, "நான் இரண்டிலும் இருக்கிறேன்" என்று வாதாடும். அந்தக் குழந்தையிடம் கேளுங்கள்: "நீ இப்போது எந்த வட்டத்துக்குள் இருக்கிறாய்?" எதற்குள்ளும் இல்லை என்பதை அதுவே ஒப்புக்கொள்ளும். ஓரிரு நிமிடங்களில் யாரோ ஒருவர் கயிற்றைக் கையில் எடுப்பார். "இதை இப்படி இழுத்தால்?" என்று ஒரு வட்டத்தை மற்றதன் மேல் ஏற்றி வைப்பார். ஒன்றன் விளிம்பு மற்றதன் மையம் வரை வரட்டும். அப்போதுதான் நடுவில் ஏழெட்டுப் பேர் நெருக்கமில்லாமல் நிற்க முடியும். இதுவரை என் வகுப்புகளில் ஒரு தடவைதான் நானே கயிற்றை நகர்த்த நேர்ந்தது.

எல்லோரும் இடம் பிடித்ததும், செவ்வகத்தின் மூலையில் சிலர் நிற்பதைக் காட்டுங்கள். இரண்டும் பிடிக்காதவர்கள். அவர்களும் வகுப்பில்தான் இருக்கிறார்கள், அதனால்தான் செவ்வகம். "மிச்சம் இருப்பவர்கள்" என்று அவர்களைச் சொல்லாதீர்கள். செவ்வகத்துக்கு அனைத்துக் கணம் என்று பெயர் சொல்லும் நேரம் இதுதான்.

இப்போது நின்ற இடத்திலேயே அவரவர் சீட்டைத் தரையில் வைத்துவிட்டு வெளியே வரச் சொல்லுங்கள். ஆட்கள் போனாலும் படம் அப்படியே கிடக்கும். அங்கே 4 பகுதிகள் இருக்கின்றன. எண்ணச் சொன்னால் எங்கள் வகுப்பில் இப்படி வந்தது: பிஸ்கட் மட்டும் 11, இரண்டும் 7, பழம் மட்டும் 9, வெளியே 3. கூட்டினால் 30. பலகை மூலையில் இருக்கும் எண்ணோடு பொருந்துகிறது.

பலகைக்கு மாற்றும்போது

தரையில் சரியாக நின்ற அதே குழந்தைகள் நோட்டில் தவறு செய்வார்கள். நான் பார்த்ததில் மிக அடிக்கடி நேரும் பிழை: இடது பிறையில் 18, நடுவில் 7, வலது பிறையில் 16. கூட்டினால் 41, வெளியே 3-ஐயும் சேர்த்தால் 44. குழந்தையின் மனத்தில் 18 என்பது "பிஸ்கட் வட்டத்தின் எண்". அதை வட்டத்தின் காலியான இடத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் அந்த இடம் வட்டம் அல்ல, பிறை. முழு வட்டம் என்பது பிறையும் நடுவும் சேர்ந்தது.

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட விரலால் செய்யவைப்பது மேல். பிஸ்கட் வட்டத்தின் கோட்டை விரலால் ஒரு சுற்று வரச் சொல்லுங்கள். சுற்றிய விரலுக்குள் எந்தெந்த எண்கள் அகப்பட்டன? 11-உம் 7-உம். கூட்டினால் 18. பழ வட்டத்தைச் சுற்றினால் 7-உம் 9-உம், 16. அந்த 7 இரண்டு சுற்றிலும் அகப்பட்டது. "அந்த 4 பேர் யார்?" என்ற கேள்விக்கு இப்போது உண்மையான பதில் சொல்லலாம். 7 பேரை இரு முறை எண்ணியதால் கூட்டல் 7 கூடியது, வெளியே நின்ற 3 பேரை எண்ணாததால் 3 குறைந்தது. 7-இல் 3 போக 4. எனவே 4 என்ற எண்ணுக்குத் தனி ஆட்கள் யாரும் இல்லை.

வட்டத்தின் மொத்தத்தை எழுதியே ஆக வேண்டும் என்றால் வட்டத்துக்கு வெளியே, பெயருக்குப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்: "பிஸ்கட் (18)". வட்டத்துக்குள் பகுதிகளின் எண்கள் மட்டும். இந்த ஒரு கட்டுப்பாடு பாதிப் பிழைகளைக் குறைத்துவிடுகிறது.

சூத்திரம் இதற்குப் பிறகுதான்:

n(A∪B) = n(A) + n(B) − n(A∩B)

18 + 16 − 7 = 27. ஏதாவது ஒன்றாவது பிடித்தவர்கள் 27, வெளியே 3. கழிக்கும் 7 எங்கிருந்து வருகிறது என்று விரலால் சுற்றிய குழந்தைக்குத் தெரியும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 18 பேர் என்பதால் பிஸ்கட் வட்டத்தைப் பெரிதாகவும் பழ வட்டத்தைச் சிறிதாகவும் வரையும் குழந்தைகள் உண்டு. வென்படத்தில் பரப்பளவுக்கு அர்த்தம் இல்லை. எண்தான் அளவைச் சொல்கிறது. தவறு என்று அடிக்காமல் "தேவையில்லை" என்று சொன்னால் போதும்.

உம், ஓ, மட்டும்

கணக்கில் தேறிய குழந்தை கேள்வியில் தவறுவது இங்கேதான், காரணம் தமிழின் சின்னச் சொற்கள்.

"பிஸ்கட்டும் பழமும் பிடித்தவர்கள் எத்தனை பேர்?" விடை 7. நடுப்பகுதி, அதாவது வெட்டு. "பிஸ்கட்டோ பழமோ பிடித்தவர்கள்?" விடை 27, சேர்ப்பு. அப்படியானால் 'உம்' வந்தால் வெட்டு, 'ஓ' வந்தால் சேர்ப்பு என்று மனப்பாடம் செய்துவிடலாமா? நான் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன், ஒரு மாணவி அதை உடைக்கும் வரை. "பிஸ்கட் பிடித்தவர்களும் பழம் பிடித்தவர்களும் எழுந்து நில்லுங்கள்" என்று நான் சொன்னபோது 27 பேர் எழுந்தார்கள். "இதிலும் 'உம்' இருக்கிறதே டீச்சர்?" என்றாள்.

சரிதான். 'உம்' பொருளின் மேல் ஒட்டினால் ஒரே ஆளுக்கு இரண்டு பொருள்களும் பிடிக்க வேண்டும், அது வெட்டு. 'உம்' ஆட்களின் மேல் ஒட்டினால் இரண்டு கூட்டங்களும் சேருகின்றன, அது சேர்ப்பு. விதியை மனப்பாடம் செய்யாமல், ஒரு சீட்டைக் கையில் எடுத்து, "இந்தச் சீட்டுக்காரர் எழுந்து நிற்க வேண்டுமா?" என்று கேட்கப் பழக்குங்கள். ✓ ✗ என்ற சீட்டுக்காரர் முதல் கேள்விக்கு எழ மாட்டார், இரண்டாவதுக்கு எழுவார். அந்த ஒரு சீட்டிலேயே கேள்வியின் பொருள் தெளிந்துவிடும்.

"மட்டும்" என்ற சொல் இல்லாமல் "பிஸ்கட் பிடித்தவர்கள்" என்று கேட்டால் விடை 18. "பிஸ்கட் மட்டும் பிடித்தவர்கள்" என்றால் 11. "ஏதாவது ஒன்று மட்டும்" என்றால் 11 + 9 = 20. இந்த மூன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இடைவெளி விட்டுக் கேட்டால் வித்தியாசம் உறைக்காது. தேர்வுத்தாளில் "அல்லது" என்று வந்தால் இரண்டும் பிடித்தவர்களையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பதையும் சொல்லிவையுங்கள். அன்றாடப் பேச்சில் "பிஸ்கட் அல்லது பழம் எடுத்துக்கொள்" என்றால் ஒன்றைத்தான் எடுக்கிறோம். கணிதத்தில் அப்படி இல்லை.

மூன்றாவது வட்டம்

இரண்டாம் நாள் மூன்றாவது கட்டத்தைத் திறக்கலாம். தரையில் மூன்று கயிறுகளுக்கு முயலாதீர்கள். நெரிசலில் யார் எந்தப் பகுதியில் நிற்கிறார் என்று யாருக்கும் தெரியாது. மேசையில் சீட்டுகளை வைத்துச் செய்யுங்கள்.

வட்டம் வரையும் முன்பே சீட்டுகளைக் குவியல்களாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: ✓✗ வரிசை ஒன்றுபோல இருப்பவை ஒரே குவியல். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு வாய்ப்புகள், மூன்று கட்டங்கள்; 2 × 2 × 2 = 8 விதமான சீட்டுகள்தான் இருக்க முடியும். பிறகு மூன்று வட்டப் படத்தைக் கொடுத்துப் பகுதிகளை எண்ணச் சொல்லுங்கள். வெளிப்பகுதியையும் சேர்த்து 8. ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு வீடு. "✓✓✗ குவியல் எங்கே குடிபோகும்?" என்று கேட்டால் பிஸ்கட்டுக்கும் பழத்துக்கும் உள்ளே, பாப்கார்னுக்கு வெளியே என்று தேடிக் கண்டுபிடிப்பார்கள்.

எங்கள் வகுப்பின் குவியல்கள் இவை. மூன்றும் பிடித்தவர்கள் 2. பிஸ்கட்டும் பழமும், ஆனால் பாப்கார்ன் இல்லை: 5. பிஸ்கட்டும் பாப்கார்னும், பழம் இல்லை: 4. பழமும் பாப்கார்னும், பிஸ்கட் இல்லை: 1. பிஸ்கட் மட்டும் 7, பழம் மட்டும் 8, பாப்கார்ன் மட்டும் 3. எட்டாவது குவியலில் ஒன்றும் இல்லை. நேற்று மூலையில் நின்ற 3 பேருக்கும் பாப்கார்ன் பிடித்திருக்கிறது, அதனால் வெளியே யாரும் இல்லை. அங்கே 0 என்று எழுதவைக்க வேண்டும். காலியாக விட்டால் "யாரும் இல்லை" என்பதற்கும் "இன்னும் எண்ணவில்லை" என்பதற்கும் வேறுபாடு தெரியாது. சீட்டில் ✗ போடச் சொன்ன அதே காரணம்தான்.

நேற்றைய 7 எங்கே போனது என்று யாராவது கேட்டால் மகிழ்ச்சி அடையுங்கள். 5-ஆகவும் 2-ஆகவும் பிரிந்திருக்கிறது. புதிய வட்டம் பழைய 4 பகுதிகளையும் குறுக்கே வெட்டி இரண்டிரண்டாக்கியது. 11 என்பது 7-உம் 4-உம் ஆனது. 9 என்பது 8-உம் 1-உம் ஆனது. 3 என்பது 3-உம் 0-உம் ஆனது.

சீட்டுகள் கையில் இருக்கும்வரை கழித்தலே தேவையில்லை, எண்ணினால் போதும். பாடநூல் கணக்கில் சீட்டுகள் இருக்காது, மொத்தங்கள்தான் இருக்கும். நம் வகுப்பையே அப்படி ஒரு கணக்காக மாற்றிக் கொடுங்கள், விடை ஏற்கெனவே தெரியும் என்பதால் முறையை மட்டும் கவனிக்கலாம்:

30 மாணவர்களில் பிஸ்கட் 18 பேருக்கும், பழம் 16 பேருக்கும், பாப்கார்ன் 10 பேருக்கும் பிடிக்கும். பிஸ்கட்டும் பழமும் 7 பேருக்கும், பிஸ்கட்டும் பாப்கார்னும் 6 பேருக்கும், பழமும் பாப்கார்னும் 3 பேருக்கும் பிடிக்கும். மூன்றும் 2 பேருக்குப் பிடிக்கும்.

உள்ளே இருந்து வெளியே வர வேண்டும். நடுவில் 2. பிஸ்கட்டும் பழமும் 7 என்றதில் அந்த 2 பேரும் அடக்கம், ஆகவே மீதி 5. அதேபோல 6 − 2 = 4, 3 − 2 = 1. இப்போது பிஸ்கட் வட்டத்துக்குள் 2, 5, 4 நிரம்பிவிட்டன; 18 − 11 = 7. பழம்: 16 − 8 = 8. பாப்கார்ன்: 10 − 7 = 3. எல்லாம் கூட்டினால் 30, வெளியே 0. வெளியே இருந்து தொடங்கினால் என்ன ஆகும் என்று ஒரு குழுவை முயலச் சொல்லலாம். 18-ஐ எங்கே எழுதுவது என்ற இடத்திலேயே நின்றுவிடுவார்கள்.

இங்கே நேரும் பிழை நுட்பமானது. 7 என்பதை "பிஸ்கட்டும் பழமும் மட்டும்" என்று படித்துவிட்டு 7, 6, 3 மூன்றையும் அப்படியே எழுதிவிடுவார்கள். பிஸ்கட் மட்டும்: 18 − (2 + 7 + 6) = 3. தவறு, ஆனால் நம்பும்படி இருக்கிறது. பழம் மட்டும்: 16 − (2 + 7 + 3) = 4. இதுவும் நம்பும்படி இருக்கிறது. பாப்கார்னுக்கு வரும்போதுதான் 10 − (2 + 6 + 3) = −1 வருகிறது. மைனஸ் ஒரு மாணவர்! பெரும்பாலான குழந்தைகள் அந்த −1-ஐ ரகசியமாக 0 ஆக்கிவிட்டுக் கடந்துவிடுவார்கள். அதைத்தான் கண்காணிக்க வேண்டும். குறை எண் வந்தால் அந்த இடத்தைத் திருத்தாதே, இரட்டைப் பகுதிகளுக்குத் திரும்பிப் போய், நடுவைக் கழித்தாயா என்று பார் என்பதே விதி. தவறு பெரும்பாலும் ஒரு படி உள்ளே இருக்கும்.

மூன்று வட்டச் சூத்திரத்தை இந்த வயதில் கட்டாயப்படுத்த வேண்டாம் என்பது என் கருத்து. யாராவது கேட்டால் காட்டுங்கள்: 18 + 16 + 10 = 44; இரட்டைகள் 7 + 6 + 3 = 16 போக 28; நடுவின் 2 சேர்த்து 30. கடைசியில் ஏன் மீண்டும் கூட்டுகிறோம்? மூன்றும் பிடித்த ஒருவர் முதலில் மூன்று முறை எண்ணப்பட்டார், பிறகு மூன்று முறை கழிக்கப்பட்டார். கணக்கில் அவர் காணாமலே போய்விட்டார், அவரைத் திரும்ப உள்ளே கூப்பிடுகிறோம்.

நான்காவது வட்டம் என்று கேட்பவர்களுக்கு

"சிப்ஸையும் சேர்க்கலாமா டீச்சர்?" என்று யாராவது கேட்பார்கள். சேர்க்கலாம், ஆனால் வட்டம் போதாது. 1880-இல் ஜான் வென் இந்தப் படங்களைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டபோதே நான்கு கணங்களுக்கு வட்டத்தை விட்டுவிட்டு நீள்வட்டங்களை வரைந்தார். வட்டங்களால் கணங்களைக் காட்டுவது அவருக்கு முன்பே இருந்த வழக்கம்; 18-ஆம் நூற்றாண்டிலேயே ஆய்லர் வரைந்திருக்கிறார். ஆய்லரின் முறையில் ஆள் இல்லாத பகுதியை வரையாமலே விட்டுவிடலாம். வென் எல்லாப் பகுதிகளையும் வரைந்துவிட்டு, காலியானதைக் காலி என்று குறித்தார். நம் எட்டாவது குவியலின் 0 வென்னின் வழிதான்.

வட்டம் ஏன் போதாது என்பதை வேகமாக முடிக்கும் குழந்தைகளுக்குச் சவாலாகக் கொடுங்கள். நான்கு கட்டங்கள் உள்ள சீட்டில் 2 × 2 × 2 × 2 = 16 வகைகள். இரண்டு வட்டங்கள் ஒன்றையொன்று அதிகபட்சம் இரண்டு இடங்களில்தான் வெட்டும், அதனால் நான்கு வட்டங்களை எப்படி வரைந்தாலும் 14 பகுதிகளுக்கு மேல் கிடைக்காது. நான்கு வட்டங்களைச் சதுரமாக, நான்கும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி கிண்ணத்தை வைத்து வரையச் சொல்லி, 16 சீட்டுகளுக்கும் வீடு தேடச் சொல்லுங்கள். 14 சீட்டுகள் குடியேறிவிடும். எதிரெதிர் மூலைகளில் உள்ள இரண்டு வட்டங்கள் மட்டும் பிடித்தவரின் சீட்டு, ஒவ்வொரு மூலைவிட்டத்துக்கும் ஒன்றாக, இரண்டு சீட்டுகள் கையிலேயே நிற்கும். எந்த இரண்டு என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.